ஒரு பாட்டு ஓடினால் எத்தனை காசு?

பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். அந்த இரண்டு நாட்களிலும் கோயிலுக்கு வருகிற வேன்களில் அம்மன் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். முன்பு கேசட், பிறகு சி.டி., அதற்குப் பிறகு மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தார்கள். இப்போது ஓட்டுநர் போனை எடுத்து ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன், யூடியூப் ஏதாவது ஒன்றைத் திறந்து அம்மன் பெயரைச் சொல்லித் தேடுகிறார். வருகிற பாட்டைப் பாடியவர் இதே மாவட்டத்துக்காரராகவும் இருக்கலாம். கேசட் காலத்தில் ஆடியோ கம்பெனிக்காரர் கையில் ஒரு தொகையைக் கொடுப்பார், அதோடு கணக்கு முடிந்தது. இன்றைக்குப் பாடுகிறவர் கேட்கிற கேள்வி வேறு: ஒரு தடவை ஓடினால் எனக்கு எவ்வளவு வரும்?

அப்படி ஒரு விலையே கிடையாது. பாட்டுச் செயலிகள் பொதுவாக ‘ஒரு தடவைக்கு இத்தனை காசு’ என்று ஒப்பந்தம் போடுவதில்லை. மாதம் முடிந்ததும் வந்த பணத்தையெல்லாம் ஒரே உண்டியலில் போட்டு, அந்த மாதம் பாட்டுகள் ஓடிய மொத்தத் தடவைகளால் வகுக்கிறார்கள். ‘ஒரு தடவைக்கு ஏழு காசு’ என்று யாராவது சொன்னால், அது வகுத்த பிறகு கிடைத்த எண். அடுத்த மாதம் அது மாறிவிடும்.

சின்னக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு செயலிக்கு 100 சந்தாதாரர்கள், வரி போக ஆளுக்கு 100 ரூபாய். மொத்தம் 10,000. ஸ்பாட்டிஃபை தன் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் பாட்டு உரிமையாளர்களுக்குத் தருவதாகச் சொல்கிறது. கணக்கு எளிதாக இருக்க 70 சதவீதம் என்று கொள்வோம். அப்படியானால் பிரிக்க வேண்டிய தொகை 7,000 ரூபாய். 99 பேர் நாள் முழுக்கச் சினிமாப் பாட்டை ஓடவிடுகிறவர்கள், ஒவ்வொருவரும் மாதம் 1,000 பாட்டுக் கேட்கிறார்கள். மீதி ஒருவர் வேப்பந்தட்டைப் பக்கத்து விவசாயி. அவர் தங்கள் ஊர்க் குழு பாடிய குலதெய்வப் பாட்டை மட்டும் கேட்கிறார், மாதத்துக்கு 100 தடவை. மொத்த ஓட்டம் 99,100. 7,000 ரூபாயை அதால் வகுத்தால் தடவைக்கு ஏழு காசு. ஊர்க் குழுவுக்குப் போவது 7 ரூபாய்.

அந்த விவசாயி கட்டிய 100 ரூபாயில் உரிமையாளர்களுக்கு உரியது 70. அவர் அந்தக் குழுவைத் தவிர வேறு யாரையும் கேட்கவில்லை. ஆனாலும் மிச்ச 63 ரூபாய் அவர் கேட்டே இராத சினிமாப் பாட்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. யாரும் திருடவில்லை, கணக்கில் பிழையும் இல்லை. பிரிக்கும் முறையே அப்படி. யார் காசு கொடுத்தார் என்பதை அது பார்ப்பதில்லை, எது அதிகத் தடவை ஓடியது என்பதைத்தான் பார்க்கிறது. கடையிலும் ஜிம்மிலும் காலை முதல் இரவு வரை ஓடுகிற பாட்டு, நாளுக்கு நாலு தடவை மனம் ஒன்றிக் கேட்கப்படும் பாட்டின் பங்கையும் எடுத்துக்கொள்ளும். இதில் நியாயம் இல்லை என்பதே என் எண்ணம்.

வேறு வழியும் உண்டு. ஒவ்வொருவர் சந்தாவையும் அவரவர் கேட்ட பாட்டுகளுக்கு மட்டும் பிரிப்பது. சவுண்ட்கிளவுட் 2021 ஏப்ரலில் சிறு கலைஞர்களுக்காக இந்த முறையைத் தொடங்கியது. நம் கணக்கில் இதைப் போட்டால் ஊர்க் குழுவுக்கு 7 ரூபாய்க்குப் பதில் 70 வரும். ஆனால் இதையே பெரிய மருந்தாக நினைக்கவும் கூடாது. பிரான்சில் தேசிய இசை மையம் 2021-இல் உண்மையான கணக்குகளை வைத்துப் பார்த்தபோது, மிகச் சிறிய கலைஞர்களுக்குக் கூடுவது பெரும்பாலும் ஆண்டுக்குச் சில யூரோக்கள்தான் என்று தெரிந்தது. கேட்கிற ஆட்களே குறைவாக இருந்தால், எப்படிப் பிரித்தாலும் தொகை சிறியதுதான்.

நாட்டுக்கு நாடு உண்டியலும் வேறு. பெரம்பலூரில் ஓடியது இந்திய உண்டியலில் சேரும், சிங்கப்பூரில் ஓடியது சிங்கப்பூர் உண்டியலில். அதற்குள்ளும் சந்தா கட்டிக் கேட்பவர்களுக்கு ஒன்று, விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவர்களுக்கு இன்னொன்று. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது மாதச் சந்தா 119 ரூபாய். அதே காலத்தில் சிங்கப்பூரில் 9.90 வெள்ளி, நம் பணத்தில் நான்கு மடங்குக்கு மேல். அதோடு இந்தியாவில் கேட்பவர்களில் பத்தில் ஒருவர்கூடப் பணம் கட்டுவதில்லை. இலவச உண்டியலில் விளம்பரக் காசு மட்டும்தான், அது இங்கே மிகவும் மெலிந்தது. உலகச் சராசரியாக ஆயிரம் ஓட்டத்துக்கு மூன்று முதல் ஐந்து டாலர் என்று இசைக்காரர்கள் பேசிக்கொள்ளும் கணக்கை அப்படியே ரூபாயாக்கி, நமக்கும் இவ்வளவு வரும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். நம் ஊரிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் சந்தா கட்டி ஒரு தடவை கேட்பது, உள்ளூரில் இலவசமாகப் பல தடவை ஓடுவதற்குச் சமம். கணக்கு அறிக்கை வரும்போது எத்தனை தடவை ஓடியது என்பதை விட, எந்த நாட்டில் ஓடியது என்ற வரிசையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எது ஒரு ஓட்டம் என்பதிலும் நம் கலைக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால் ஒன்று. மூன்று நிமிட சினிமாப் பாட்டும் ஒன்றுதான், 25 நிமிட அம்மன் தாலாட்டும் ஒன்றுதான். நம் பக்கத்துப் பாட்டின் இயல்பே நீளம். கதைப்பாடலும் ஒப்பாரியும் கூத்துப் பாட்டும் மூன்று நிமிடத்தில் அடங்கா. நாதசுரக்காரர் ராகம் பிடித்து நிற்கவே ஐந்து நிமிடம் வேண்டும். ஒரே நேரத்துக்கு எட்டு சின்னப் பாட்டு எட்டுப் பங்கு வாங்க, ஒரு தாலாட்டு ஒரு பங்கோடு நிற்கிறது. இதனால் நீண்ட பாட்டை நான்கு ஐந்து துண்டாக்கி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சாமி வரவழைக்கிற இடத்தில் வெட்டு விழாமல் பார்த்துக்கொண்டால் அது தப்பில்லை.

ஆனால் துண்டாக்கும் முன் இன்னொரு விதி தெரிந்திருக்க வேண்டும். 2023 நவம்பரில் ஸ்பாட்டிஃபை அறிவித்து 2024 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது அது. ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பதிவுக்குக் காசு கிடையாது. அந்தக் காசைச் செயலி வைத்துக்கொள்வதில்லை, உண்டியலில் இருக்கிற மற்றப் பாட்டுகளுக்குப் போகிறது. இத்தகைய பாட்டுகளுக்கு மாதம் சராசரியாக மூன்று சென்ட்தான் சேர்கிறது, அது எப்படியும் கலைஞர் கைக்கு வந்து சேராமல் வங்கிக் கட்டணத்திலும் குறைந்தபட்ச வரம்பிலும் நின்றுபோகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

எண்ணிக்கை ஆல்பத்துக்கு அல்ல, பாட்டுக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு குழு தங்கள் தெய்வத்துக்கு எட்டுப் பாட்டுகள் பதிவு செய்து ஏற்றுகிறது. ஒவ்வொன்றும் ஆண்டில் 900 தடவை ஓடுகிறது. மொத்தம் 7,200 தடவை. அந்தச் செயலியிலிருந்து வருவது பூஜ்யம். அதே எட்டுப் பாட்டில் ஒன்று மட்டும் 1,100-ஐத் தாண்டி மற்றவை 300-லேயே நின்றிருந்தால், குறைந்தது அந்த ஒன்றுக்காவது காசு உண்டு. ஒரு குலதெய்வத்துக்கு மக்கள் இருக்கிற எண்ணிக்கையே சில ஆயிரம் குடும்பங்கள்தான் என்னும்போது, பாட்டுகளை எட்டாகப் பரப்புவதா, நல்லதாக இரண்டு போடுவதா என்பது வெறும் ரசனைக் கேள்வியாக இல்லை.

இனி, உண்டியலிலிருந்து கிளம்பிய பணம் வழியில் யார் யார் கையைத் தொடுகிறது என்று பார்க்கலாம். ஒரு பாட்டில் இரண்டு உடைமைகள் இருக்கின்றன. எழுதிய வரிகளும் போட்ட மெட்டும் ஒன்று. ஒலிப்பதிவு இன்னொன்று. பதிவுக்கு முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவரே அதன் தயாரிப்பாளர் என்கிறது நம் பதிப்புரிமைச் சட்டம். திருச்சியில் ஸ்டுடியோ வாடகையைக் கம்பெனிக்காரர் கட்டி, ஏற்பாடு எல்லாம் அவரே செய்தால் பதிவு அவருடையது. குழுவே காசு போட்டுச் செய்தால் குழுவுடையது. செயலியிலிருந்து வருகிற பணத்தில் பெரும் பங்கு பதிவுக்குத்தான். வரிக்கும் மெட்டுக்கும் உரிய சிறு பங்கு தனி வழியாக வருகிறது. அதை வசூலித்துத் தருவது 1969-இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம். எழுதியவரும் இசையமைத்தவரும் அதில் உறுப்பினராகி, பாட்டைப் பெயரோடு பதிந்து வைத்தால்தான் அந்தப் பங்கு அவர்களைத் தேடி வரும்.

சிறு குழுக்களிடம் ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் நேரடியாகப் பாட்டு வாங்குவதில்லை. நடுவில் விநியோக நிறுவனம் ஒன்று வேண்டும். சிலர் ஆண்டுச் சந்தா வாங்குகிறார்கள், சந்தா நின்றால் பாட்டும் இறங்கிவிடும். சிலர் இலவசமாக ஏற்றிவிட்டு வருமானத்தில் 15 சதவீதம் போலப் பிடித்துக்கொள்கிறார்கள். கணக்கில் 50 டாலர் சேர்ந்தால்தான் எடுக்கலாம் என்ற நிபந்தனையும் சிலரிடம் உண்டு. ஏழு காசு வீதத்தில் 50 டாலர் சேர்வதற்குள் பாட்டு அறுபதாயிரம் தடவைக்கு மேல் ஓட வேண்டும்.

நம் பகுதியில் அதிகம் சறுக்குகிற இடம் மெட்டு. கோயில் பாட்டை நன்றாக ஓடிய சினிமாப் பாட்டின் மெட்டில் எழுதுவது கேசட் காலத்துப் பழக்கம். கூட்டம் உடனே கூடப் பாடும் என்பதால் செய்தார்கள். இன்று அதை யூடியூபில் ஏற்றினால் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கிச் சோதனை மெட்டைக் கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலும் பாட்டு அப்படியே இருக்கும், ஆனால் விளம்பர வருமானம் மெட்டின் சொந்தக்காரருக்குப் போய்விடும். அது சரியான கணக்குத்தான்.

யாருக்கும் சொந்தமில்லாத, தலைமுறையாகப் பாடப்படும் கும்மிப் பாட்டுக்கும் சில நேரம் இதே போல உரிமைக் கோரல் வந்து விழுகிறது. அதே பாட்டை வேறொரு குழு முன்பு பதிவு செய்து, தனக்கு மட்டுமே உரியது என்று பதிந்து வைத்திருக்கும். இதை எதிர்க்க வழி உண்டு. யூடியூப் ஸ்டுடியோவில் அந்தப் பாட்டுக்கு நேரே கோரல் என்று வந்ததும் ஐந்து நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவித்தால், முதல் நாளிலிருந்து வருகிற காசை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைப்பார்கள். கோரியவர் 30 நாட்களுக்குள் பதில் சொல்லாவிட்டால் கோரல் விழுந்துவிடும். பாட்டு மரபுப் பாட்டு, பதிவு எங்களுடையது, பாடியதும் வாசித்ததும் இன்னார் என்று தெளிவாக எழுத வேண்டும். ஸ்டுடியோ ரசீதும் பதிவு நாளின் மூலக் கோப்பும் கையில் இருந்தால் வலு.

இதையெல்லாம் தாண்டி, நடுவில் இருக்கிற ஒப்பந்தம் எவ்வளவு விழுங்கும் என்பதைத் தமிழ்நாடே பார்த்தது. தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த ‘என்ஜாய் என்சாமி’ 2021 மார்ச்சில் வெளிவந்தது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பட்ட பாட்டிலிருந்து எழுந்த பாட்டு அது. யூடியூபில் மட்டும் 40 கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. மாஜா என்ற நிறுவனம் அதை வெளியிட்டது. மூன்று ஆண்டு கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். தன் யூடியூப் சேனலின் வருமானமும் அந்த நிறுவனத்துக்கே போகிறது என்றார். இது அவர் தரப்பு வாக்குமூலம், யார் பக்கம் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஓடவே இல்லை என்று அந்தப் பாட்டைப் பற்றி யாரும் சொல்ல முடியாது. உண்டியலிலிருந்து காசு கிளம்பியிருக்கும். பெயர் பெற்ற இசையமைப்பாளருக்கே அது எங்கே நிற்கிறது என்று கேட்க வேண்டிய நிலை வந்தது என்றால், ஜெயங்கொண்டத்தில் ஒரு நையாண்டி மேளக் குழு வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு யாரிடம் போய்க் கேட்கும்?

சட்டம் இந்த இடத்தில் எளியவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டு என்று தாளில் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுதான். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அப்படியானால் சிங்கப்பூர் உண்டியல் அந்தத் தாளில் அடங்காது. 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வரியும் மெட்டும் தந்தவர் ராயல்டியில் தமக்குள்ள சம பங்கை ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. ஒப்பந்தம் போடும் நாளில் புழக்கத்தில் இல்லாத ஊடகங்களும், பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் ஒழிய, அதில் அடங்காது. ‘எல்லா உரிமையும் நிரந்தரமாக’ என்று ஒரே வரி அச்சிட்ட தாளோடு யாராவது வந்தால், அந்த வரி ஏன் அவ்வளவு சுருக்கமாக இருக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

இன்னொரு பொறி, காசு கொடுத்து ஓட்டம் வாங்குவது. ஐந்நூறு ரூபாய்க்குப் பத்தாயிரம் ஸ்ட்ரீம் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருவார்கள். 1,000 வரம்பைத் தாண்டிவிடலாம் என்று சபலம் தட்டும். ஓடவைப்பது மனிதர்கள் அல்ல, இயந்திரங்கள். அதிகமாகப் போலி ஓட்டம் தெரிந்தால் அந்தப் பாட்டுக்காக ஸ்பாட்டிஃபை விநியோக நிறுவனத்திடம் அபராதம் வசூலிக்கிறது. நிறுவனம் அதைக் கலைஞர் தலையில் கட்டும், பாட்டையும் இறக்கிவிடும். தானாகவே ஏதோ ஒரு பிளேலிஸ்டில் பாட்டு சேர்ந்து மாட்டிக்கொள்வதும் உண்டு. கண்டுபிடிப்பது கடினமில்லை. பெரம்பலூரிலும் திருச்சியிலும் சென்னையிலும் ஓட வேண்டிய பாட்டு, கேள்விப்படாத ஒரு வெளிநாட்டு நகரத்தில் ஒரே இரவில் ஐயாயிரம் தடவை ஓடியிருக்கும். அதைத் தங்கள் பட்டியலில் சேமித்து வைத்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். பார்த்தவுடனே விநியோக நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்துவிட வேண்டும்.

அப்படியானால் ஸ்ட்ரீமிங் சிறு கலைஞருக்கு எதற்கு? ஒரு திருவிழா இரவுக்கு மேளக் குழு 20,000 ரூபாய்க்குப் பேசியிருக்கிறது என்று கொள்வோம். ஏழு காசு கணக்கில் அந்தத் தொகை செயலியிலிருந்து வர, பாட்டு ஏறக்குறைய 2 லட்சத்து 85 ஆயிரம் தடவை ஓட வேண்டும். 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள்தொகையே 5,65,223. குழந்தை முதல் கிழவர் வரை மாவட்டத்தில் பாதிப் பேர் ஆளுக்கு ஒரு தடவை கேட்டால் ஓர் இரவுக் கூலி வரும். ஆகவே இதைப் பிழைப்பாக நம்ப முடியாது. நையாண்டி மேளக்காரர்கள் பலர் யூடியூபில் நிகழ்ச்சியை ஏற்றி, கீழே தொடர்பு எண்ணைப் போடுகிறார்கள். அந்த எண்ணுக்கு ஆடி மாதத்தில் ஒரே ஒரு அழைப்பு வந்து ஒரு இரவு உறுதியானாலும், ஒரு வருடத்து ஓட்டத்தில் கிடைக்காதது கிடைத்துவிடும்.

அதற்காகப் பதிவின் உரிமையை அற்பமாக நினைத்துக் கொடுத்துவிடலாம் என்று அர்த்தமில்லை. சினிமாப் பாட்டு ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடும். குலதெய்வப் பாட்டு ஓயாது, ஒவ்வொரு ஆடியிலும் அந்தக் குடும்பங்கள் அதையே தேடும். ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். வரிக்கும் மெட்டுக்கும், அதைத் தந்தவர் காலமான பிறகும் 60 ஆண்டுகள். சில்லறையாக வந்தாலும் பேரன் காலம்வரை வரக்கூடிய பணம் அது. பதிவுக்குப் போகும் முன்பே ஒரு தாளில் எழுதியவர், மெட்டுப் போட்டவர், பாடியவர், இரண்டு நாதசுரம், இரண்டு தவில், பம்பை வாசித்தவர் என்று எல்லோர் பெயரையும் போட்டு, யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். ஏற்றும்போது அதே பெயர்களை அதே எழுத்துக்கூட்டில் கொடுக்க வேண்டும். மெட்டுப் போட்டவர் பெயரை ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் போட்டால், பின்னால் வரும் பங்கு உரியவர் யார் என்று தெரியாமல் சங்கத்தின் கணக்கிலேயே தேங்கிக் கிடக்கும்.